கனசதுரத்தோட பக்கம் கண்டுபிடிக்கும்போது எங்க சறுக்குது?

கனசதுரத்தோட பக்கம் a தெரிஞ்சா மத்ததெல்லாம் ஈஸி. ஒரு முகத்தோட பரப்பு a², மொத்தம் ஆறு முகம், அதனால மொத்தப் புறப்பரப்பு 6a², கனஅளவு a³. இதுல யாரும் பெருசா தப்பு பண்றதில்ல. பரப்பையோ கனஅளவையோ கொடுத்துட்டு பக்கத்தைக் கேட்டாதான், அதாவது திரும்பி வர்ற வழியிலதான் குழப்பம் ஆரம்பிக்குது.

ஒரு கணக்கு எடுத்துக்கலாம். மொத்தப் புறப்பரப்பு 294 சதுர செ.மீ., பக்கம் எவ்வளவு?

சரியான வழி ரெண்டே ஸ்டெப். முதல்ல 294ஐ 6ஆல வகுக்கணும், 49 வரும். இந்த 49 வெறும் நம்பர் இல்ல, ஒரு முகத்தோட பரப்பு. ஒரு சதுரத்தோட பரப்பு 49ன்னா பக்கம் √49, அதாவது 7 செ.மீ. முடிஞ்சது.

நிறைய பேர் பண்ற தப்பு என்னன்னா, "வர்க்கம் இருக்கு, அப்ப ரூட் போடணும்"னு முதல்லயே √294 போட்டுடுவாங்க, கால்குலேட்டர்ல 17.146ன்னு வரும், அதை 6ஆல வகுத்து 2.858ன்னு விடை எழுதிடுவாங்க. ரெண்டு வேலையும் பண்ணியாச்சு, வரிசை மட்டும் மாறிடுச்சு, ஆனா விடை 7க்கு பக்கத்துல கூட இல்ல. ஏன்னா 6a²ன்னா முதல்ல aவை வர்க்கம் பண்ணி, அப்புறம்தான் 6ஆல பெருக்கியிருக்கோம். திரும்பி வரும்போது கடைசியா பண்ணதைத்தான் முதல்ல அவிழ்க்கணும். 6 வெளியில இருக்கு, அது முதல்ல போகணும், அப்புறம்தான் ரூட். முதல்லயே ரூட் போட்டா அந்த 6ம் ரூட்டுக்குள்ள மாட்டிக்கும், √294ங்கறது √6 × 7, அதை 6ஆல வகுத்தா 7 எப்படி வரும்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் இருக்கு. வந்த விடையை திரும்ப 6a²ல போட்டுப் பாருங்க. 2.858ஐ வர்க்கம் பண்ணா சுமார் 8.17, அதை 6ஆல பெருக்கினா 49. கேட்டது 294, கிடைச்சது 49, சரியா ஆறுல ஒரு பங்கு. இது தற்செயல் இல்ல, முன்னாடியே ரூட் போட்டு அப்புறம் 6ஆல வகுத்தா எந்த நம்பருக்கும் இப்படித்தான் ஆறுல ஒண்ணுதான் திரும்பி வரும். அதனால சரிபார்க்கும்போது கேட்ட பரப்புல ஆறுல ஒரு பங்கு வந்தா, வேற எங்கயும் தேட வேணாம், தப்பு வரிசையிலதான்.

இன்னொண்ணு, 6ஆலதான் வகுக்கணுமான்னு முதல்ல கணக்கை முழுசா படிங்க. "பக்கப்பரப்பு"ன்னு கொடுத்திருந்தா மேலயும் கீழயும் இருக்குற முகம் சேராது, நாலு சுவர் மட்டும்தான், அதனால 4ஆல வகுக்கணும். மூடி இல்லாத பெட்டின்னா அஞ்சு முகம். எத்தனை முகத்தோட பரப்பைக் கூட்டி அந்த நம்பர் வந்துச்சோ அத்தனையால வகுக்கணும், அவ்ளோதான்.

இப்ப கனஅளவுக்கு வருவோம். கனஅளவு 343 கன செ.மீ., பக்கம் எவ்வளவு? இங்க வகுக்குறதுக்கு ஒண்ணுமே இல்ல, நேரா கனமூலம்தான். எந்த நம்பரை மூணு தடவை எழுதிப் பெருக்கினா 343 வரும்? 7 × 7 = 49, 49 × 7 = 343. பக்கம் 7 செ.மீ. (அதே டப்பாதான் இது.) நம்பர் பெருசா இருந்தா பகாக் காரணியா பிரிச்சு மும்மூணா சேருங்க. உதாரணமா 1728ஐ பிரிச்சா ஆறு 2ம் மூணு 3ம் வரும், மூணுக்கு ஒண்ணுன்னு வெளிய எடுத்தா 2 × 2 × 3 = 12. பழக்கதோஷத்துல ரெண்டு ரெண்டா சேர்த்தா அது வர்க்கமூலம் ஆயிடும், கவனம்.

கனமூலத்துல அதிகமா பாக்குற தப்பு, மூணால வகுக்குறது. 343 ÷ 3 = 114.33ன்னு எழுதுவாங்க. ஒரு பக்கம் 114 செ.மீ.ன்னா அந்தக் கனசதுரத்தோட கனஅளவு பதினாலு லட்சத்துக்கும் மேல போயிடும், ஒரு தடவை திரும்பிப் பாத்தாலே தெரிஞ்சிடும். இதே 114.33 இன்னொரு வழியாவும் வரும். கால்குலேட்டர்லயோ ஃபோன்லயோ 343^1/3ன்னு அடைப்புக்குறி இல்லாம அடிச்சா, அது முதல்ல 343^1 போட்டுட்டு அப்புறம் 3ஆல வகுத்துடும். சரியா அடிக்கணும்னா இப்படி:

```
343^(1/3)
```

விடை 55.56ன்னு வந்தா அது வேற கதை, கனமூலக் குறியில ரூட் மேல குட்டியா இருக்குற 3ஐ தனி நம்பரா நினைச்சு 3 × √343 போட்டிருக்கீங்க.

நீங்களே ஒரு கணக்கு போட்டு முறையை டெஸ்ட் பண்ணிப் பாக்கும்போது தயவுசெஞ்சு பக்கம் 6ன்னு மட்டும் வெச்சுக்காதீங்க. பக்கம் 6ன்னா புறப்பரப்பு 6 × 36 = 216, கனஅளவும் 6 × 6 × 6 = 216, ரெண்டும் ஒரே நம்பர் (அலகு வேற, ஒண்ணு சதுர செ.மீ., இன்னொண்ணு கன செ.மீ.). அதனால கனஅளவைப் போய் பரப்பு மாதிரி நினைச்சு 6ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தாலும் 36, அப்புறம் 6ன்னு கரெக்டா வரும், தப்பான முறை பாஸ் ஆயிடும்! 343க்கு அதையே பண்ணிப் பாருங்க, 57.17க்கு ரூட் போட்டு 7.56ன்னு வரும். இது 7க்கு பக்கத்துல இருக்கறதால இன்னும் மோசம், யாருக்கும் சந்தேகமே வராது.

கடைசியா லிட்டர் கணக்கு. 1 லிட்டர்ங்கறது 1000 கன செ.மீ., அதுக்கு பக்கம் 10 செ.மீ. அப்ப 2 லிட்டர் பிடிக்கிற கனசதுரத்துக்கு பக்கம் 20ன்னு சொல்லத் தோணும், ஆனா 20 செ.மீ. டப்பாவுல 8 லிட்டர் பிடிக்கும், ஏன்னா நீளம், அகலம், உயரம் மூணுமே ரெண்டு மடங்கு ஆகுது. 2000க்கு கனமூலம் எடுத்தா சுமார் 12.6 செ.மீ.தான். முழு நம்பர் வரலையேன்னு பயந்து 13ன்னு எழுதிடாதீங்க, 13 × 13 × 13 = 2197, கிட்டத்தட்ட 200 மி.லி. கூடப் போயிடும்.