ஒரு பேலட்டை ரேக்கில் ஏற்றுவது எப்படி: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் பயிற்சி முடித்து, அனுமதி அட்டையோடுதான் வந்திருக்கிறீர்கள். ஓட்டுவதைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. தரையில் இருக்கும் ஒரு பேலட்டை மூன்றாம் தட்டில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் இன்றைய பாடம்.

படி 1: மூன்று எண்களைப் பாருங்கள்

பேலட்டின் எடை அதன் சீட்டில் இருக்கும். இது 1150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சீட்டு இல்லையா, தூக்காதீர்கள். எடை போட்ட பிறகு பார்க்கலாம்.

இரண்டாவது, வண்டியின் திறன் தகடு. 2000 கிலோ வண்டி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் தகட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே 500 மி.மீ. என்று இருக்கும். ஃபோர்க்கின் செங்குத்து முகத்திலிருந்து சரக்கின் எடை மையம் வரை உள்ள தூரம் அது. நம் பேலட்டின் ஆழம் 1200 மி.மீ., சரக்கும் சீராக அடுக்கியிருக்கிறது. அப்படியானால் மையம் 600 மி.மீ.யில் விழுகிறது. மையம் தள்ளிப்போகப் போக வண்டி தூக்கக்கூடிய எடை குறையும். உயரம் கூடினாலும் குறையும். நம் உதாரண வண்டியின் தகடு, 600 மி.மீ. மையத்தோடு 4.5 மீட்டர் உயரத்துக்கு 1600 கிலோ என்கிறது. நாம் ஏற்றும் தட்டு அதற்கும் கீழே. 1150 தாராளமாகப் போகும்.

சரி, ஏற்றிவிடலாமா? இல்லை, மூன்றாவது எண் ரேக்கின் முனையில் மாட்டிய பலகையில் இருக்கிறது: ஒரு தட்டுக்கு 2000 கிலோ, இரண்டு பேலட். ஒரு பேலட்டுக்கு 1000 கிலோதான். வண்டி சரி என்றாலும் ரேக் முடியாது என்கிறது.

இங்கேதான் பலர் கணக்குப் போடுவார்கள்: "பக்கத்தில் 800 கிலோ பேலட் இருக்கிறது, மொத்தம் 1950தானே!" பலகையில் உள்ள எண் பீம் முழுக்கச் சமமாகப் பரவிய எடைக்குச் சொன்னது. தவிர, நாளை அந்த 800ஐ எடுத்துவிட்டு வேறொருவர் 1000 கிலோவை வைப்பார். அவர் உங்கள் பேலட்டின் சீட்டைப் பார்க்கப் போவதில்லை. தனியாக நடுவில் வைப்பதும் தப்புதான், ஏனென்றால் எடை நடுவில் குவிந்தால் பீம் அதிகமாக வளையும். இந்த பேலட்டின் இடம் தரைத்தளம். மேலே வேண்டுமென்றால் பிரித்து அடுக்குங்கள். 900 கிலோ இருக்கும்படி பிரித்ததாக வைத்துக்கொண்டு மேலே போவோம்.

படி 2: எடுங்கள்

ஃபோர்க்கை அடி வரை நுழையுங்கள். பேலட் ஃபோர்க்கின் செங்குத்து முகத்தைத் தொட வேண்டும். 100 மி.மீ. இடைவெளி விட்டால் மையம் 700 மி.மீ.க்குப் போய்விடும், தகட்டைப் படித்தது வீண். மெதுவாகத் தூக்கிக் கவனியுங்கள்: ஸ்டியரிங் வழக்கத்துக்கு மாறாக லேசாக இருந்தால் பின்சக்கரங்கள் தரையில் சரியாக அழுந்தவில்லை என்று அர்த்தம். இந்த வண்டி பின்சக்கரத்தால்தான் திரும்புகிறது. உடனே இறக்குங்கள். பின்னால் ஆளை நிற்கவைத்து எடை சேர்க்கும் யோசனையை இங்கே யாரும் வாயெடுத்துச் சொல்லக்கூடாது.

போகும்போது ஃபோர்க் தரையிலிருந்து ஒரு சாண் உயரம், மாஸ்ட் சற்றுப் பின்சாய்வு. பெல்ட் போட்டிருக்க வேண்டும். வண்டி கவிழ்ந்தால் குதிக்காதீர்கள், மேல்கூண்டுக்கு அடியில் சிக்கிக்கொள்வீர்கள். ஸ்டியரிங்கைப் பிடித்து, விழும் பக்கத்துக்கு எதிராகச் சாய்ந்து உட்காருங்கள்.

படி 3: வையுங்கள்

ரேக்குக்கு நேர் எதிரே நின்று, பிரேக் பிடித்து, அக்கம்பக்கம் ஆள் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் மேலே தூக்க வேண்டும். பீமைத் தாண்டியதும் மாஸ்டை நேராக்கி, ஊர்ந்தபடி உள்ளே போங்கள். முன்பீம், பின்பீம் இரண்டிலும் பேலட்டின் அடிக்கட்டைகள் உட்கார வேண்டும். பின்பீமில் பாதி தொங்கினால் வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். ஃபோர்க் எதையும் தொடாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் இறக்கி, பின்னால் பார்த்து நேராக வெளியே வந்து, அப்புறம் கீழே இறக்குங்கள். ஃபோர்க் மேலே இருக்கும்போது திரும்பவே கூடாது.

படி 4: இடித்துவிட்டால்

பீமை மேல்நோக்கி இடித்தால் அதன் முனையில் உள்ள பூட்டு ஊசி தெறித்திருக்கலாம். ஊசி இல்லாத பீம் அடுத்த இடியில் கொக்கியிலிருந்து கழன்றுவிடலாம். தூணை இடித்தால் இன்னும் மோசம், ஒரு தூண் இருபுறத்துத் தட்டுகளையும் சுமக்கிறது. லேசான நசுங்கல் என்று நீங்களே முடிவுசெய்யாதீர்கள். ஒரு மீட்டர் நீள நேர்கோலை வைத்து அளப்போம்; சில மில்லிமீட்டர் வளைவே எல்லை.

வண்டியை நிறுத்துங்கள், ரேக்குகளுக்கு நடுவே உள்ள அந்த வழியை மறித்துவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். எந்த வரிசையில் சரக்கை இறக்குவது என்று அவர்தான் சொல்வார். சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது, வெல்டிங் வைப்பது இரண்டும் கிடையாது. வளைந்த உருக்கு நிமிர்ந்தாலும் பழைய வலு திரும்பாது, தயாரிப்பாளர் சொல்லும் உதிரிதான் மாட்டுவோம். இடித்ததைச் சொன்னதற்காக யார் மீதும் நடவடிக்கை இருக்காது. மறைத்தால் இருக்கும்.