125-க்கும் 127-க்கும் நடுவே கோடு எங்கே?

மலையில் சர்க்கரை முகாம் நடத்த வரும் புதியவர்கள் வருடா வருடம் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். டீ குடித்துவிட்டு வந்தவரை வெறும் வயிறு என்று எழுதுவது, குழாயில் பெயரை மாற்றி ஒட்டுவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவற்றை முதல் வாரத்திலேயே யாராவது திட்டித் திருத்திவிடுவார்கள். யாரும் திட்டாததால் பழக்கமாகிப்போகும் தவறுகள்தான் இவை.

## இரண்டு ரிப்போர்ட்டில் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழிப்பது

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் முகாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலை பறிக்கும் 46 வயதுப் பெண். வெறும் வயிற்றுச் சர்க்கரை 127 என்று வருகிறது. நோய்க்கோடு 126 என்பதால் கம்ப்யூட்டர் அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் அடித்துத் தருகிறது. வீடே கலங்கிப்போகிறது. நாலு நாள் கழித்து மகன் ஊட்டிக்கு அழைத்துப்போய் வேறொரு லேப்பில் பார்க்கிறான். 121. “முதல் லேப் சரியில்லைக்கா, இதுதான் நல்ல லேப்” என்று முகாமில் உதவிக்கு நின்ற பையனே சொல்லிவிடுகிறான். 127 குப்பைக்குப் போகிறது. அந்த அம்மா அடுத்து ரத்தம் கொடுப்பது பல வருடம் கழித்து, கால் எரிச்சல் என்று வரும்போதுதான்.

இதில் எந்த லேப்பும் தவறு செய்யவில்லை. இரண்டு எண்ணும் சரி. இதைப் புரிய வைப்பதற்குள் நாக்கு வறண்டுவிடும். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த முகாமில் அதே பேச்சு.

கணக்கைப் பார்ப்போம். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே உறக்கம் என்றாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை நாளுக்கு நாள் சுமார் 5 சதவீதம் ஏறி இறங்கும். இது உடம்பின் ஆட்டம். ஒரே ரத்தத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் நல்ல மெஷினிலும் 2, 3 சதவீதம் மாறும். இது மெஷினின் ஆட்டம். இரண்டையும் நேராகக் கூட்டக் கூடாது; வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்:

√(5² + 2.5²) ≈ 5.6

அதாவது மொத்த ஆட்டம் 5.6 சதவீதம். அந்த அம்மாவின் உண்மையான சராசரி 122 என்று கொண்டால், 5.6 சதவீதம் என்பது ஏறக்குறைய 7 மி.கி. மூன்று நாளில் இரண்டு நாள் எண் 115-க்கும் 129-க்கும் இடையில் வரும். 100 நாளில் 95 நாள் 108-க்கும் 136-க்கும் இடையில் வரும். 126-ஐத் தாண்டும் வாய்ப்பு சுமார் 10-க்கு 3. கோட்டுக்குக் கீழே இருக்கும் ஒருவரை, ஒரே ஒரு காலை ரத்தத்தை வைத்து முடிவு செய்தால், பத்தில் மூன்று தடவை சர்க்கரை நோயாளி ஆக்கிவிடுவோம்.

இதன் மறுபக்கத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உண்மையான சராசரி 130 உள்ளவருக்கும் ஏறக்குறைய அதே அளவு வாய்ப்பில் 126-க்குக் கீழே ஓர் எண் வரும். 127 வந்தவர் பதறிப்போய் மறுபடி பார்க்கிறார். 123 வந்தவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். மேலே வந்ததை மட்டும் திரும்பப் பார்த்து, கீழே வந்ததை அப்படியே நம்பினால், தவறுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும். சின்ன எண் வரும்வரை லேப் லேப்பாக ஏறி இறங்கினால், கோட்டின் அருகில் இருக்கிற யாருக்கும் என்றாவது ஒருநாள் சின்ன எண் வந்தே தீரும்.

இரண்டு தடவையும் கோட்டைத் தாண்டினால்தான் நோய் என்று சொல்லும் விதி இதற்காகத்தான் இருக்கிறது. சராசரி 122 உள்ளவருக்கு இரண்டு காலையும் 126-ஐத் தாண்டும் வாய்ப்பு 100-க்கு 8 அல்லது 9 ஆகக் குறைந்துவிடுகிறது. இரண்டாவது சோதனை அதே வெறும் வயிற்றுச் சர்க்கரையாக இருக்கலாம். இல்லாவிட்டால் மூன்று மாதச் சர்க்கரை எனப்படும் ஹெச்.பி.ஏ.1.சி.யாக இருக்கலாம், அதற்குக் கோடு 6.5. இரண்டும் ஒரே ரத்தத்தில் எடுக்கப்பட்டு, இரண்டுமே கோட்டைத் தாண்டியிருந்தாலும் போதும். ஒன்று தாண்டி மற்றொன்று தாண்டாவிட்டால், தாண்டியதைத்தான் திரும்பச் செய்ய வேண்டும்.

அந்த அம்மாவுக்கு எழுத வேண்டியது இதுதான்: 127, 121, சராசரி 124. நோய் உறுதியாகவில்லை. ஆனால் 100 முதல் 125 வரையிலான முன்நிலையின் உச்சியில் நிற்கிறார். 3 முதல் 6 மாதத்தில் மறுபடி ரத்தம். இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே உறையில் இருக்க வேண்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு ஆகியவற்றோடு எந்நேரச் சர்க்கரையும் 200-ஐத் தொட்டிருந்தால் இரண்டாம் சோதனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அவர் கோட்டின் அருகில் இல்லை, வெகுதூரம் தாண்டிவிட்டார்.

126 என்ற எண் இயற்கை போட்ட கோடு என்ற நினைப்பும் பலருக்கு உண்டு. 1997 வரை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வைத்திருந்த கோடு 140. கண்ணின் பின்திரை பாதிப்பு எந்த அளவில் கூடுகிறது என்பதையும், மற்ற சோதனைகளோடு எங்கே ஒத்துப்போகிறது என்பதையும் பார்த்து 126-க்கு இறக்கினார்கள். 130 உள்ளவர் ராத்திரியோடு ராத்திரியாக நோயாளி ஆனார், உடம்பில் எதுவும் மாறாமலேயே.

## “கஷாயம் குடித்தேன், குறைந்துவிட்டது”

127 இருந்தது, ஒரு மாதம் ஆவாரம்பூ டீ குடித்தார், 116 ஆனது. ஆவாரம்பூவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மேலே சொன்ன 5.6 சதவீத ஆட்டத்தில், ஒரே ஆளின் இரண்டு எண்களுக்கு இடையே சுமார் 15 சதவீத வித்தியாசம் சும்மாவே வரலாம் (5.6-ஐ 2.77-ஆல் பெருக்கினால் கிடைப்பது). 127-க்கு அது கிட்டத்தட்ட 20 மி.கி. எனவே ஒற்றைக்கு ஒற்றை ஒப்பிட்டால், 107-க்குக் கீழே போகாதவரை குறைந்தது என்று சொல்ல இடமில்லை. அதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது: திரும்ப வரச் சொன்னதே அன்றைக்கு அதிகம் காட்டியவர்களை. அவர்களில் பலருக்கு அடுத்த முறை எண் தானாகவே சற்று இறங்கும். மாத்திரைக்கும் இதே கணக்குதான், டாக்டர்கள் முகம் சுளித்தாலும்.

## ரத்தம் எடுத்த நேரத்தை எழுதாமல் விடுவது

மலைக்கென்றே உள்ள கோளாறு இது. ரத்தம் குழாய்க்குள் போன பிறகும் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில், அணுக்களைப் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். 130 உள்ளவரின் ரத்தம் ஒரு மணி நேரத்தில் 122 ஆகிவிடும். கோட்டின் இந்தப் பக்கம் வந்துவிட்டார். முன்னே சொன்ன ஆட்டம் இரண்டு பக்கமும் போகும். இது எப்போதும் கீழே மட்டுமே இழுக்கும்.

“சாம்பல் மூடிக் குழாயில்தானே எடுத்தோம், ஃபுளோரைடு இருக்கிறதே” என்பார்கள். ஃபுளோரைடு தடுப்பது சர்க்கரை உடையும் பாதையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒரு நொதியை. அதற்கு முந்தைய படிகள் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே முதல் ஒன்றிரண்டு மணி நேர இழப்பை அது முழுதாக நிறுத்தாது. ஃபுளோரைடோடு சிட்ரிக் அமிலமும் சேர்ந்த குழாய் ரத்தத்தைப் புளிப்பாக்கி உடனே நிறுத்திவிடும். கிடைத்தால் அதை வாங்குங்கள்.

கிடைக்காவிட்டால் செய்ய வேண்டியது: குறியிட்ட அளவு வரை ரத்தம் நிரப்பி, குலுக்காமல் எட்டுத் தடவை தலைகீழாகத் திருப்பி, உடனே ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். வெறும் ஐஸ் கட்டி குழாயைச் சுற்றி ஒட்டாது, தண்ணீர் சேர்ந்தால்தான் சீராகக் குளிரும். 30 நிமிடத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். சின்ன சென்ட்ரிஃபியூஜ் ஒன்று ஜீப்பிலேயே வந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஊட்டிக் குளிரில் ரத்தம் கெடாது என்று நம்பிக் கீழே அனுப்புகிறவர்களுக்கு: குளிர் வேகத்தைக் குறைக்கும், உண்மை. ஆனால் வண்டி மேட்டுப்பாளையம் இறங்கியதும் அந்தக் குளிர் போய்விடும்.

குழாயின் மேல் எடுத்த நேரம், பிரித்த நேரம் இரண்டும் இருக்க வேண்டும். நேரம் எழுதாத குழாயில் 121 வந்தால், அது 121-ஆ, 128-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது.

## கிளுகோமீட்டரை வைத்து நோய் சொல்வது

சொல்லாதீர்கள். தரக்கட்டுப்பாட்டு விதியே 100-க்கு மேல் 15 சதவீதம் கூடக்குறைய அனுமதிக்கிறது. 126 என்று காட்டினால் உண்மை 110 முதல் 148 வரை எங்கும் இருக்கலாம். பல பட்டைகளுக்கு 10 டிகிரிக்குக் கீழே உத்தரவாதம் இல்லை, டிசம்பர் காலையில் ஊட்டித் திண்ணை அதற்கும் கீழே. கை விறைத்திருந்தால் விரலைப் பிழிந்து ரத்தம் எடுப்பார்கள். அது இன்னொரு கோளாறு.

## 6.4-ஐயும் 6.5-ஐயும் இரண்டு ஆட்களாகப் பார்ப்பது

ஹெச்.பி.ஏ.1.சி.யில் உடம்பின் ஆட்டம் குறைவு, அதற்காகவே அதை விரும்புகிறோம். ஆனால் 5 சதவீதப் பிழையை நல்ல லேப்புக்கே அனுமதிக்கிறார்கள்: 6.5 என்றால் 6.2 முதல் 6.8. இதைவிட முக்கியம், அந்த எண் சிவப்பணுவின் ஆயுளை நம்பி நிற்கிறது. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் சர்க்கரை ஏறாமலேயே எண் கூடும். தோட்ட வேலை செய்யும் பெண்களிடம் 6.5 பார்த்தவுடன் ஹீமோகுளோபினையும் பாருங்கள். அரிவாள் அணு மரபு மட்டும் உள்ளவர்களுக்குச் சில மெஷின்கள் தப்பான எண்ணே தரும், அரிவாள் அணு நோயே உள்ளவர்களுக்கு இந்தச் சோதனையே உதவாது. இந்தியாவில் அரிவாள் அணு 1952-ல் முதலில் பதிவானதே நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். கூடலூர்ப் பக்கம் முகாம் போடுகிறவர்கள் கையில் வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கான குழாயும் இருக்க வேண்டும்.

## காய்ச்சலோடு வந்தவரிடம் எடுப்பது

எடுக்காதீர்கள். உடம்பு தேறி இரண்டு மூன்று வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலும் அப்படியே.

## மறுசோதனைக்கு “எப்போதாவது வாங்க” என்பது

தேதி எழுதிக் கொடுங்கள். எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது, அதே லேப், அதே காலை நேரம். இலை பறிக்கும் வேலைக்கு விடியலில் கிளம்புகிறவர்களுக்கு எட்டு மணிக்குத் திறக்கும் லேப் எட்டாது. வாரவிடுப்பு நாளாகப் பார்த்துக் குறியுங்கள்.