காத்திருந்த நேரம் எங்கே போனது? டெலிவரி வழித்தடத்தைச் சரிபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டி புறப்படுமுன் அதன் வழித்தடம் எல்லா வாடிக்கையாளர்களின் நேர வரம்புக்குள்ளும் அமைகிறதா என்று சரிபார்க்கும் வேலையை அண்மையில் புதிதாகச் சேர்ந்த மூவருக்குக் கற்றுக்கொடுத்தேன். கடைகளின் திறப்பு நேரத்தை மாற்றி எழுதுவது, ஒரு நிறுத்தத்தை விட்டுவிடுவது போன்ற பிழைகள் மறுமுறை பார்க்கும்போது தாமே கண்ணில் படும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. நான் சொல்ல வருவது, கணக்கு முற்றிலும் சரியாக இருப்பது போலவே தோற்றமளித்து, வண்டி தெருவில் இறங்கிய பிறகே வெளிப்படும் பிழைகளைப் பற்றி. அம்மூவரில் இருவர் செய்த பிழை, பல ஆண்டுகளுக்கு முன் நானே செய்து பெரும் இழப்பை உண்டாக்கிய அதே பிழை.

வருகை நேரத்திலிருந்து புறப்பாட்டைக் கணக்கிடுவது

ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு நேரங்கள் உண்டு. முந்தைய இடத்தை விட்டுப் புறப்பட்ட நேரத்துடன் பயண நேரத்தைக் கூட்டினால் வருகை நேரம் கிடைக்கும். வாடிக்கையாளர் சரக்கைப் பெறத் தொடங்கும் நேரத்துக்கு முன்பே வண்டி வந்துவிட்டால், அதுவரை அங்கே நிற்க வேண்டும், அது காத்திருப்பு. வருகை, திறப்பு ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதுவே சரக்கை இறக்கத் தொடங்கும் நேரம். அந்தத் தொடக்க நேரத்துடன் இறக்குவதற்கு ஆகும் நேரத்தைக் கூட்டினால்தான் புறப்படும் நேரம் கிடைக்கும். புதியவர்கள் காத்திருப்பைச் சரியாகவே கணக்கிட்டு விரிதாளில் தனி நெடுவரிசையில் எழுதி வைக்கிறார்கள். ஆனால் புறப்பாட்டுக்கான சூத்திரத்தில் தொடக்க நேரத்தை விட்டுவிட்டு வருகை நேரத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். தாளில் காத்திருப்பு தெளிவாகத் தெரிகிறது, அடுத்த நிறுத்தத்தின் கணக்கிலோ அது நுழைவதே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். இதிலுள்ள நிமிடங்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. சென்னை மாதவரத்தில் உள்ள கிடங்கிலிருந்து காலை 7:00 மணிக்கு வண்டி புறப்பட்டு அண்ணா நகர், தியாகராய நகர், அடையாறு என்ற வரிசையில் செல்கிறது என்று கொள்வோம். அண்ணா நகர் வாடிக்கையாளர் 8:30 முதல் 10:00 வரை சரக்கைப் பெறுவார். அங்கே இறக்க 20 நிமிடம் ஆகும். தியாகராய நகரில் 9:00 முதல் 11:00 வரை; இறக்க 30 நிமிடம். அடையாறில் 9:30 முதல் 10:30 வரை. இறக்க 15 நிமிடம். கிடங்கிலிருந்து அண்ணா நகருக்கு 30 நிமிடமும், அங்கிருந்து தியாகராய நகருக்கு 40 நிமிடமும், அங்கிருந்து அடையாறுக்கு 35 நிமிடமும் பயணம்.

பிழையான தாளில் வண்டி 7:30 மணிக்கு அண்ணா நகரை அடைந்து, 20 நிமிடம் சேர்த்து 7:50 மணிக்குப் புறப்பட்டுவிடுகிறது. 8:30 மணிக்குத் தியாகராய நகர், 9:00 மணிக்கு அங்கிருந்து புறப்பாடு, 9:35 மணிக்கு அடையாறு. கடைசி வரம்புக்கு இன்னும் 55 நிமிடம் மீதம் இருப்பதாகத் தாள் சொல்கிறது. உண்மையில் அண்ணா நகரில் வண்டி 60 நிமிடம் நின்று, 8:30 மணிக்கு இறக்கத் தொடங்கி, 8:50 மணிக்குத்தான் புறப்படும். தியாகராய நகருக்கு 9:30 மணிக்கு வந்து 10:00 மணிக்குக் கிளம்பும். அடையாறை 10:35 மணிக்கு அடையும்போது வாடிக்கையாளரின் நேரம் முடிந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஒரே சூத்திரத்தில் ஒரே ஒரு கட்டத்தைத் தவறாகச் சுட்டியதால், நிறைவேறவே முடியாத வழித்தடம் தாராளமான வழித்தடமாகத் தெரிந்துவிட்டது.

இந்தப் பிழை இன்றுவரை என்னை எரிச்சலூட்டுவதற்குக் காரணம், இது தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்வதுதான். நான் தாள் தயாரித்துக் கொடுத்த விநியோக நிறுவனம் ஒன்றில், வழித்தடத்தின் பிற்பாதியில் இருந்த வாடிக்கையாளர்களிடம் வண்டி நாள்தோறும் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. சில நாள் சரக்கு இறக்கப்படாமலே திரும்பியது. போக்குவரத்து நெரிசல்தான் காரணம் என்று நம்பி எல்லாப் பயண நேரங்களையும் பத்து விழுக்காடு கூட்டினேன். முடிவுகள் சற்றே சீரடைந்தன, ஏனெனில் பயண நேரத்தைக் கூட்டியதால் தாளில் வருகை தள்ளிப்போய், விடுபட்டிருந்த காத்திருப்பின் அளவு சுருங்கியது. அதை வெற்றி என்று எண்ணி மீண்டும் கூட்டினேன். அதன் விளைவாக, காத்திருப்பே இல்லாத மற்ற வழித்தடங்களும் தாளில் தாமதமாகத் தெரியத் தொடங்கின. அவற்றிலிருந்து வாடிக்கையாளர்களைப் பிரித்து இரண்டாவது வாடகை வண்டி ஒன்றை மூன்று வாரம் ஓட்டினோம். இறுதியில் ஓட்டுநர், "சார், ரோட்டுல டிராபிக் ஒண்ணுமே இல்ல. முதல் கடை வாசல்லதான் தெனமும் ஒரு மணி நேரம் நிக்கிறேன்" என்றார். அதன் பிறகே சூத்திரத்தைத் திறந்து பார்த்தேன்.

இந்தப் பிழை இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் கண்டறியலாம். ஒரு நிறுத்தத்தின் புறப்பாட்டிலிருந்து வருகையைக் கழித்தால் காத்திருப்பும் இறக்கும் நேரமும் சேர்ந்த தொகை வர வேண்டும். அண்ணா நகரில் அது 80 நிமிடமாக இருக்க வேண்டும். 20 என்று வந்தால் காத்திருப்பு விடுபட்டிருக்கிறது. முழு வழித்தடத்துக்கும் இதே சோதனை பொருந்தும்: கிடங்கை விட்டுப் புறப்பட்டதிலிருந்து திரும்பி வரும் வரையிலான மொத்த நேரம், பயணம், காத்திருப்பு, இறக்குதல் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருந்தாக வேண்டும். நிரலாக எழுதுபவர்களுக்கு நேரங்களை நள்ளிரவிலிருந்து நிமிடங்களாக வைத்துக்கொண்டால் இவ்வளவுதான்:

```python
def feasible(route, start):
    t = start
    for a, b in zip(route, route[1:]):
        arrive = t + travel[a][b]
        begin = max(arrive, opens[b])
        if begin > closes[b]:
            return False
        t = begin + service[b]
    return True
```

`t = begin + service[b]` என்ற வரியில் உள்ள `begin` என்ற இடத்தில் `arrive` என்று எழுதினால் நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும், விடை மட்டும் தவறாக வரும்.

தாமதத்தை எல்லா நிறுத்தங்களுக்கும் அப்படியே கூட்டுவது

முந்தைய பிழையில் காத்திருப்பை மறந்ததால் முடியாத வழி முடியும் என்று தெரிந்தது. இங்கே அதையே மறப்பதால் முடியும் வழி முடியாது என்று தள்ளப்படுகிறது.

மேலே கண்ட வழித்தடத்தை மாற்றி, அண்ணா நகரிலிருந்து நேரே அடையாறு சென்று, அதன் பிறகு தியாகராய நகர் வருவதாகக் கொள்வோம். அண்ணா நகரிலிருந்து அடையாறுக்கு 45 நிமிடம், தியாகராய நகரிலிருந்து கிடங்குக்கு 50 நிமிடம். 8:50 மணிக்குப் புறப்பட்ட வண்டி 9:35 மணிக்கு அடையாறிலும், 10:25 மணிக்குத் தியாகராய நகரிலும் இருந்து, 11:45 மணிக்குக் கிடங்குக்குத் திரும்புகிறது. கிடங்கு 12:00 மணிக்கு மூடப்படும் என்றால் வழித்தடம் சரி.

இப்போது பெரம்பூரில் புதிதாக ஒருவரை, அண்ணா நகருக்கு முன்பு சேர்க்க வேண்டும். கிடங்கிலிருந்து 15 நிமிடம், இறக்க 10 நிமிடம், அங்கிருந்து அண்ணா நகருக்கு 25 நிமிடம். அவருக்குக் காலை 7:00 முதல் 9:00 வரை எந்நேரமும் சரி. அண்ணா நகரை அடைவது 7:30 மணிக்குப் பதில் 7:50 ஆகிறது. 20 நிமிடத் தாமதத்தைப் பின்னால் உள்ள எல்லாவற்றுக்கும் கூட்டிய புதியவர், கிடங்குக்குத் திரும்புவது 12:05 ஆகிவிடும் என்று அந்த வாடிக்கையாளரை மறுத்துவிட்டார். ஆனால் அண்ணா நகர் 8:30 மணிக்குத்தான் திறக்கும். காத்திருப்பு 60 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாகக் குறைகிறதே தவிர, இறக்கத் தொடங்கும் நேரம் இம்மியும் நகரவில்லை. அதன் பின்னுள்ள எந்த நேரமும் மாறாது. வண்டி அதே 11:45 மணிக்குத் திரும்பும். 1987இல் மாரியஸ் சாலமன் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத் தெளிவாக வகுத்தது: ஒரு நிறுத்தத்துக்கு வந்து சேரும் தள்ளுதலை அங்குள்ள காத்திருப்பு முதலில் உறிஞ்சிக்கொள்ளும், மிஞ்சியது மட்டுமே அடுத்த நிறுத்தத்துக்குப் போகும், மிச்சம் சுழியானால் அதற்கு மேல் சோதிக்க வேண்டியதில்லை.

வாடிக்கையாளர் சொன்ன கடைசி நேரத்தையே எல்லை என்று நம்புவது

மாற்றியமைத்த வழித்தடத்தில் அடையாறின் வரம்பு 10:30 வரை இருக்கிறது, வண்டி 9:35 மணிக்கே வந்துவிடுகிறது, ஆகவே இடையில் 55 நிமிட வேலை ஒன்றைச் சேர்க்கலாம் என்று தோன்றும். அந்த நிறுத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பின்னால் இருப்பவர்களை மறந்ததால் வரும் எண்ணம் இது.

உண்மையான எல்லையைப் பின்னிருந்து முன்னாகக் கணக்கிட வேண்டும். கிடங்குக்கு 12:00 மணிக்குள் வர வேண்டுமானால், பயணத்தின் 50 நிமிடத்தையும் இறக்குதலின் 30 நிமிடத்தையும் கழித்து, தியாகராய நகரில் 10:40 மணிக்குள் தொடங்கியாக வேண்டும். அங்குள்ள வாடிக்கையாளரின் 11:00 மணி வரம்பு பயன்படாது. அதற்கு அடையாறில் 9:50 மணிக்குள் தொடங்க வேண்டும். அதற்கு அண்ணா நகரில் 8:45 மணிக்குள். ஒவ்வொரு இடத்திலும் வாடிக்கையாளரின் கடைசி நேரம், பின்னிருந்து கழித்து வந்த நேரம் ஆகிய இரண்டில் முந்தியதே எல்லை. ஆக, அண்ணா நகருக்கும் அடையாறுக்கும் இடையே ஒருவரைச் சேர்ப்பதால் கூடும் நேரம் 55 நிமிடம் அல்ல, 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இந்த எல்லைகளை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், புதிய வாடிக்கையாளர் ஒருவரைச் சேர்க்கும்போது முழு வழித்தடத்தையும் மறுபடி நடந்து பார்க்கத் தேவையில்லை. அந்த வாடிக்கையாளரின் நேரத்தையும், அவருக்கு அடுத்த நிறுத்தத்தில் இறக்கத் தொடங்கும் நேரம் எல்லைக்குள் இருக்கிறதா என்பதையும் பார்த்தால் போதும். வரிசை மாறினால் எல்லைகளையும் புதிதாகக் கணக்கிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

7.30 என்று எழுதி 30 நிமிடத்தைக் கூட்டுவது

7.30 என்ற தசம எண் ஏழரை மணி அல்ல; நள்ளிரவிலிருந்து நிமிடங்களாக மாற்றி 450 என்று வையுங்கள்.

கடைசி நேரத்தின் பொருளைக் கேட்காமல் விடுவது

10:30 என்பது இறக்கத் தொடங்க வேண்டிய நேரமா, இறக்கி முடிக்க வேண்டிய நேரமா என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளிலும் மேலே உள்ள நிரலிலும் அது தொடங்கும் நேரம். பத்தரைக்கு வாயிலைப் பூட்டிவிடும் வாடிக்கையாளருக்கு அது முடிக்கும் நேரம். அவருக்கு 15 நிமிடம் இறக்க வேண்டும் என்றால் `closes` மதிப்பை 10:15 என்று முன்கூட்டியே குறைத்து எழுதிவிட்டால், நிரலில் வேறெதையும் மாற்ற வேண்டியிருக்காது.