தாத்தாவின் கல்யாணப் போட்டோ ஓவியமானால்: ஒரு சிறுகதையைப் படிப்படியாக எழுதுவோம்

கிழவர் ஒருவர் தன் கல்யாணப் போட்டோவை யாரோ வண்ண ஓவியமாக வரைந்திருப்பதைப் பார்க்கிறார். கேட்டதுமே கண்ணீர்க் கதை எழுதத் தோன்றும். அதைத் தள்ளிவைத்துவிட்டு இப்படித் தொடங்குங்கள்.

1. முதலில் போட்டோவை முடிவுசெய்யுங்கள். 1966 என்று வைத்துக்கொள்வோம். கறுப்பு வெள்ளைப் படம். கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்தது. மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பெண் பக்கத்தில் நிற்கிறாள். பின்னால் வரைந்த திரை. இதற்கு மேல் வர்ணனை வேண்டாம்.

2. போட்டோவில் இல்லாத எதை ஓவியர் சேர்க்க வேண்டியிருந்தது? கதையே இங்கேதான் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக விழுவது உண்டு. எந்த நிறமென்று வரைபவர் ஊகிக்கத்தான் வேண்டும். கல்யாணச் சேலை என்றால் சிவப்பு என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நிஜத்தில் அது என்ன நிறம் என்பது தெரிந்தவர் இப்போது ஒருவர்தான்.

வரைபவர் பேத்தியாகவே இருக்கட்டும். கடை ஓவியர் என்றால் பெரியவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

3. தப்பை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள்.

"சேலை பச்சைம்மா."

"கல்யாணச் சேலை சிவப்புதானே தாத்தா?"

"கூறைச் சேலையை அன்னிக்கே மடிச்சு வச்சாச்சு. இது அவ அக்காவோடது. ஸ்டூடியோவுக்குன்னு வாங்கிட்டு வந்தா. சாயந்திரமே திருப்பிக் கொடுத்துட்டோம்."

இரவல் சேலை என்று சொன்னதிலேயே அந்த வீட்டின் வறுமை வந்துவிட்டது. 'அவர்கள் ஏழைகள்' என்று தனியாக எழுதினால் கெட்டுப்போகும். பாட்டி இப்போது இல்லை என்பதையும் அறிவிக்காதீர்கள். பேத்தி பாட்டியிடம் போய்க் கேட்காமல் தாத்தாவிடமே கேட்டுக்கொண்டிருப்பது போதும்.

4. கண்டுபிடிப்பு ஒன்றே ஒன்று. பூஞ்சை தின்ற இடத்தில் பாட்டியின் கையை ஓவியர் தானாக வரைந்துவிட்டார் என்றும் எழுத ஆசை வரும். நல்ல யோசனைதான், ஆனால் அது வேறொரு கதை. இரண்டையும் சேர்த்தால் தாத்தா பிழைதிருத்துபவராகிவிடுவார்.

5. உணர்ச்சிச் சொற்களைத் தேடி அடியுங்கள். 'நெஞ்சு விம்மியது', 'நினைவுகள் அலைமோதின' போன்றவற்றை எடுத்துவிட்டு வாசியுங்கள். கதை இன்னும் நிற்கிறதா? அப்படியானால் அவை தேவையே இல்லை. விழுந்துவிட்டால் குறை மூன்றாம் படியில் இருக்கிறது. பேச்சைத் திருத்துங்கள்.

6. முடிவு. பேத்தி மறுபடி தூரிகையை எடுக்கிறாள்.

"என்ன பச்சை தாத்தா? கிளிப்பச்சையா?"

"இல்ல. அதைவிடக் கொஞ்சம் மங்கல். துவைச்சுத் துவைச்சு வெளுத்தது."

இங்கே நிறுத்திவிடலாம். ஓவியம் திருத்தி முடிந்ததா, சுவரில் மாட்டினார்களா என்றெல்லாம் தொடர்ந்தால் இழுவைதான். முழுக்கதையும் மூன்று பக்கத்துக்குள் அடங்கும்.