லிம்ப் நோடா, மண்ணீரலா: ஒரு ஸ்லைடைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் முறை

முதலாண்டு ஹிஸ்டாலஜி ஆய்வகத்தில் மாணவர்களோடு உட்காரும்போது திரும்பத் திரும்ப வரும் குழப்பம் இது. லிம்ப் நோடையும் மண்ணீரலையும் அடுத்தடுத்துப் பார்க்கிறார்கள். இரண்டிலும் ஊதாநிற உருண்டைகள் இருக்கின்றன, நடுவில் வெளிறிய வட்டமும் இருக்கிறது. ஒன்றுக்கு கார்டெக்ஸ், பாராகார்டெக்ஸ், மெடுல்லா என்றும் மற்றதற்கு ஒயிட் பல்ப், ரெட் பல்ப் என்றும் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். ஸ்பாட்டர் தேர்வில் பெயர் ஒட்டாத ஸ்லைடு வந்ததும் எந்தப் பட்டியலை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்த உறுப்பு எதை வடிகட்டுகிறது? லிம்ப் நோடு நிணநீரை வடிகட்டுகிறது. மண்ணீரல் இரத்தத்தை வடிகட்டுகிறது. ஸ்லைடில் தெரியும் வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்தக் கேள்விக்கே திரும்புவோம். எல்லாம் சாதாரண ஹீமடாக்சிலின்–இயோசின் சாயம் ஏற்றிய ஸ்லைடுக்கானது.

படி 1: நிறத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

ஒயிட் பல்ப் ஸ்லைடில் வெள்ளையாக இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெள்ளையான இடத்தைத் தேடி ஸ்லைடு முழுக்க அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயர், சாயம் ஏற்றாத புதிய மண்ணீரலை வெட்டிப் பார்த்தவர்கள் வைத்தது. அடர்சிவப்புப் பரப்பில் வெண்மையான சிறு புள்ளிகள் கண்ணுக்கே தெரியும். அவைதான் ஒயிட் பல்ப். அந்தப் புள்ளிகள் லிம்போசைட்டுகளின் கூட்டம். லிம்போசைட்டில் பெரும்பகுதி நியூக்ளியஸ்தான். ஹீமடாக்சிலின் நியூக்ளியஸை நீல ஊதாவாக்குவதால், ஸ்லைடில் ஒயிட் பல்ப் அடர் ஊதாவாகத் தெரியும். ரெட் பல்ப் மட்டும் பெயருக்கேற்ப சிவப்பாகவே இருக்கும், அதில் இரத்தச் சிவப்பணுக்கள் நிறைந்திருப்பதால். ரெக்கார்டு நோட்டில் வரையும்போதும் ஒயிட் பல்ப்புக்கு ஊதா பென்சில்தான்.

படி 2: மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் முன் வெளிச்சத்தில் பிடியுங்கள்

ஸ்லைடை ஜன்னல் பக்கம் பிடித்து வெறும் கண்ணால் பாருங்கள். முழு லிம்ப் நோடு வெட்டாக இருந்தால் அவரை விதை போன்ற சிறிய வடிவம் தெரியும். விளிம்பு அடர் ஊதா, ஒரு பக்கம் சற்று வெளிறியிருக்கும். மண்ணீரல் பெரிய உறுப்பு என்பதால் அதன் ஒரு துண்டுதான் ஸ்லைடில் இருக்கும். இளஞ்சிவப்புப் பரப்பு முழுவதும் ஊதாப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும்.

இதை வைத்து ஊகிக்கலாம், முடிவு செய்யக் கூடாது. ஏன் என்பது கடைசியில் வரும் ஸ்லைடில் தெரியும்.

படி 3: 4எக்ஸில் விளிம்பைத் தேடுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வேலையில் மிக முக்கியமான படி இதுதான். மாணவர்கள் நேராக நடுப்பகுதிக்குப் போகிறார்கள். விளிம்புக்குப் போங்கள்.

லிம்ப் நோடுக்கு நிணநீரைக் கொண்டுவரும் குழாய்கள் குவிந்த பக்கத்தில் கேப்சூலைத் துளைத்துக்கொண்டு நுழைகின்றன. வந்த நிணநீர் முதலில் இறங்குவது கேப்சூலுக்கு நேர் கீழே இருக்கும் ஒரு குறுகிய இடைவெளியில். அதுதான் சப்கேப்சுலர் சைனஸ். ஸ்லைடில் இளஞ்சிவப்பு கேப்சூல் கோடு, அதன் கீழே வெளிறிய ஒரு பட்டை, அதற்கும் கீழே அடர் ஊதா என்று மூன்றும் வரிசையாகத் தெரியும். கேப்சூலுக்கு வெளியே கொழுப்புத் திசு ஒட்டியிருப்பதும் நல்ல அடையாளம்.

மண்ணீரலுக்கு நிணநீர் உள்ளே வரும் குழாய் கிடையாது. எனவே அந்தப் பட்டையும் கிடையாது. கேப்சூல் தடிமனாக இருக்கும், அதன் வெளிப்புறத்தை மீசோதீலியம் மூடியிருக்கும், கீழே நேராக ரெட் பல்ப் தொடங்கிவிடும். கேப்சூலிலிருந்து உள்ளே போகும் டிரபெகுலாக்களும் தடிமனானவை. வெட்டு விழுந்த கோணத்தைப் பொறுத்து அவை எதனோடும் ஒட்டாத இளஞ்சிவப்புத் தீவுகளாக நடுவில் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்லைடுக்காகத் திசுவைத் தயாரிக்கும்போது அது சுருங்குவதால் கேப்சூலுக்கும் திசுவுக்கும் இடையே வெறும் கிழிசல் விழலாம். அது சைனஸ் அல்ல. 40எக்ஸில் பாருங்கள்: உண்மையான சைனஸில் குறுக்கே மெல்லிய இழைகளும், அங்கங்கே லிம்போசைட்டும் மேக்ரோஃபேஜும் இருக்கும். கிழிசலில் எதுவும் இருக்காது.

படி 4: ஊதா உருண்டைகள் எங்கே நிற்கின்றன?

இன்னும் 4எக்ஸிலேயே இருங்கள். லிம்ப் நோடில் ஃபாலிக்கிள்கள் விளிம்பை ஒட்டி வரிசையாக நிற்கும். அந்த வரிசைதான் கார்டெக்ஸ். நடுவில் வெளிறிய ஜெர்மினல் சென்டரும் சுற்றிலும் அடர்ந்த மேன்டிலும் இருந்தால் அது செகண்டரி ஃபாலிக்கிள். வெளிறிய நடு இல்லாமல் ஒரே அடர்த்தியாக இருந்தால் பிரைமரி.

மண்ணீரலில் இந்த வரிசை இல்லை. ஒயிட் பல்ப் உருண்டைகள் ரெட் பல்ப்பின் நடுவே எங்கு வேண்டுமானாலும் இருக்கும். இரத்தக்குழாய் போகும் வழியெல்லாம் ஒயிட் பல்ப் போகிறது, அதனால்தான்.

படி 5: உருண்டையின் பக்கத்தில் ஆர்ட்டீரியோல் இருக்கிறதா?

10எக்ஸுக்கு மாறுங்கள். மண்ணீரலின் சிறு தமனி டிரபெகுலாவை விட்டு வெளியே வந்ததும் தன்னைச் சுற்றி டி லிம்போசைட்டுகளால் ஓர் உறை அணிந்துகொள்கிறது. அந்த உறைக்கு பெரிஆர்ட்டீரியோலார் லிம்பாய்டு ஷீத் என்று பெயர், சுருக்கமாக பால்ஸ். நடுவில் போகும் குழாய் சென்ட்ரல் ஆர்ட்டீரியோல். பால்ஸின் ஒரு பக்கத்தில் பி லிம்போசைட்டுகள் பெருகி ஃபாலிக்கிள் உருவாகும்போது ஆர்ட்டீரியோல் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. ஆகவே 'சென்ட்ரல்' என்ற பெயரை நம்பி நடுவில் தேடினால் ஜெர்மினல் சென்டர்தான் கிடைக்கும். ஓரத்தில் தேடுங்கள். சிறிய துவாரமும் அதைச் சுற்றி இளஞ்சிவப்பான தசைச்சுவரும் கொண்ட ஒரு வளையம் தெரியும்.

வெட்டு எல்லா உருண்டைகளிலும் ஆர்ட்டீரியோல் வழியாகப் போயிருக்காது. ஒன்றில் இல்லை என்பதற்காக மண்ணீரல் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஐந்தாறு உருண்டைகளைப் பாருங்கள். மண்ணீரலாக இருந்தால் சிலவற்றிலாவது கிடைக்கும்.

படி 6: பாராகார்டெக்ஸ்

லிம்ப் நோடு என்று தெரிந்தபிறகுதான் இந்தப் படி. ஃபாலிக்கிள்களுக்கு இடையிலும் அவற்றுக்குக் கீழேயும் உருண்டை இல்லாமல் சீராகப் பரவிய ஊதாப் பகுதியே பாராகார்டெக்ஸ். கார்டெக்ஸுக்கும் இதற்கும் நடுவே கோடு எதுவும் இல்லை. கோட்டைத் தேடுவதால்தான் பலரும் இங்கே சிக்கிக்கொள்கிறார்கள்.

கோட்டுக்குப் பதிலாக ஒரு குழாயைத் தேடுங்கள். இரத்தத்திலிருக்கும் லிம்போசைட்டுகள் பெரும்பாலும் நோடுக்குள் நுழைவது பாராகார்டெக்ஸில் உள்ள ஹை எண்டோதீலியல் வெனியூல்கள் வழியாக. வழக்கமாகச் சிறு சிரையின் உட்சுவர் தட்டையாக இருக்கும். இதில் அந்தச் செல்கள் புடைத்து கனசதுரம் போல நிற்கும். 40எக்ஸில் சுவருக்குள்ளேயே லிம்போசைட்டுகள் நுழைந்துகொண்டிருப்பதும் தெரியலாம். இது கிடைத்தால் நீங்கள் நிற்பது பாராகார்டெக்ஸ்.

பாராகார்டெக்ஸும் மண்ணீரலின் பால்ஸும் இரண்டுமே டி செல் வட்டாரம். தைமஸ் சரியாக உருவாகாத டிஜார்ஜ் சிண்ட்ரோமில் இரண்டும் சேர்ந்தே காலியாகத் தெரிவது அதனால்தான். ஆனால் மண்ணீரலில் இந்தப் புடைத்த வெனியூல் இருக்காது. அங்கே லிம்போசைட்டுக்குத் தனி வாசல் தேவையில்லை, இரத்தமே உள்ளே திறந்துவிடப்படுகிறது.

படி 7: மெடுல்லாவா, ரெட் பல்ப்பா?

இரண்டிலும் கார்டு உண்டு, சைனஸ் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் இங்கே தவறு நிறைய நடக்கிறது.

மெடுல்லாவை வயலாக நினைத்துக்கொள்ளுங்கள். அடர் ஊதாவாகக் கிளைத்து ஓடும் மெடுலரி கார்டுகள் வரப்புகள். இடையில் வெளிறித் தெரியும் மெடுலரி சைனஸ்கள் தண்ணீர் நிற்கும் பாத்திகள். அந்தத் தண்ணீர் நிணநீர். ஹைலம் பக்கமாக வடிந்து வெளியேறுகிறது. 40எக்ஸில் வரப்பில் பிளாஸ்மா செல்கள் கிடைக்கும்: நியூக்ளியஸ் ஒரு பக்கம் ஒதுங்கி, அதன் அருகில் சிறிய வெளிறிய இடம் விட்டிருக்கும்.

ரெட் பல்ப்பில் இந்த வரப்பும் பாத்தியும் தெளிவாகத் தெரியாது. கார்டுக்குள்ளும் சைனஸுக்குள்ளும் சிவப்பணுக்களே நிறைந்திருக்கும். சைனஸின் உட்சுவர் செல்கள் பீப்பாய்ப் பலகைகள் போல நீளவாக்கில் அடுக்கப்பட்டவை. அவற்றின் இடுக்கு வழியே நெளிந்து போக முடியாத பழைய சிவப்பணுக்களைக் கார்டில் உள்ள மேக்ரோஃபேஜ்கள் விழுங்குகின்றன. குறுக்குவெட்டில் அந்தச் செல்களின் நியூக்ளியஸ்கள் துவாரத்துக்குள் மணி கோத்ததுபோல் எட்டிப் பார்க்கும். ஆனால் சைனஸ்கள் ஒட்டிச் சுருங்கியிருந்தால் சாதாரண சாயத்தில் கார்டையும் சைனஸையும் பிரிப்பது கடினம். வலிந்து பிரிக்க வேண்டாம். ரெட் பல்ப் என்று எழுதினால் போதும்.

ஒரு ஸ்லைடை முழுதாகப் பார்ப்போம்

ஒருமுறை மாணவர்கள் பலர் மண்ணீரல் என்று எழுதிய ஸ்லைடு இது. வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் நல்ல சிவப்பு. 'ரெட் பல்ப் தெரிகிறதே, மேடம்' என்றார்கள். அந்த இடத்தில் 40எக்ஸ் வைத்தாலும் சிவப்பணுக்கள் குவிந்திருந்தன. அவர்கள் பார்த்தது பொய்யல்ல.

சரி, விளிம்பிலிருந்து தொடங்கலாம் என்றேன். 4எக்ஸில் கேப்சூல் மெல்லியதாக இருந்தது, வெளியே கொழுப்பு. கேப்சூலின் கீழே வெளிறிய பட்டை ஓடியது. 40எக்ஸில் அதன் குறுக்கே இழைகள் இருந்தன, எனவே கிழிசல் அல்ல. ஃபாலிக்கிள்களை எண்ணினோம். ஒன்பது, எல்லாம் விளிம்பை ஒட்டியே. சிவப்பான பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. ஒன்பதிலும் ஓரத்தில் தசைச்சுவர் கொண்ட ஆர்ட்டீரியோல் இல்லை. ஃபாலிக்கிள்களுக்குக் கீழே புடைத்த சுவருள்ள இரண்டு வெனியூல்கள் கிடைத்தன.

அப்புறம் அந்தச் சிவப்புப் பகுதிக்குத் திரும்பினோம். சிவப்பணுக்கள் எல்லா இடத்திலும் இல்லை. பாத்திகளில் மட்டும் நிறைந்திருந்தன. வரப்புகள் ஊதாவாகவே இருந்தன, அவற்றில் பிளாஸ்மா செல்களும் இருந்தன. அது மெடுல்லா. நோடு வடிகட்டும் பகுதியில் இரத்தம் கசிந்தால், அறுவையின்போது கசிந்தாலும்கூட, அது நிணநீரோடு வந்து இந்த சைனஸ்களில் தேங்கும்.

இதே முறை கைகொடுக்காத ஸ்லைடுகளும் உண்டு. வெட்டு ஹைலம் பக்கம் போகாமல் நோடின் ஓரத்தை மட்டும் சீவியிருந்தால் மெடுல்லாவே வராது, ஃபாலிக்கிள்கள் பரப்பு முழுக்கச் சிதறியதுபோல் தோன்றும். மண்ணீரலின் நடுவிலிருந்து எடுத்த துண்டில் கேப்சூல் இருக்காது, படி 3 வீணாகிவிடும். அப்போது படி 5இல் சொன்ன ஆர்ட்டீரியோலையும் படி 6இல் சொன்ன வெனியூலையும் தேடுங்கள். எது கிடைக்கிறதோ அதை வைத்து எழுதுங்கள்.