கல்யாண க்யூஆர் ஆல்பம்: வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தை வாங்காதீர்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் இப்போது பாதி மண்டபங்களில் போட்டோவுக்கென்று ஒரு க்யூஆர் அட்டை நிற்கிறது. ஸ்கேன் செய்தால் கூகுள் போட்டோஸ் ஆல்பம் திறக்கும், விருந்தினர்கள் தங்கள் படங்களைச் சேர்ப்பார்கள். அதுவரை சரி. தலைவலி, அடுக்க உட்காரும்போதுதான்.

வாட்ஸ்அப் படம்

போன மாதம் பார்த்த ஆல்பம் இது. சனிக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன், ஞாயிறு காலை முகூர்த்தம். நேர வரிசையில் போட்டால் தாலி கட்டியதற்குப் பிறகு கேக் வெட்டுகிறார்கள்! காரணம், பெண்ணின் சித்தி ரிசப்ஷன் படங்களைக் குடும்பக் குரூப்பில் போட்டார். மறுநாள் மத்தியானம் அதை டவுன்லோட் செய்த நாலு பேர், ஆளுக்கொரு முறை ஆல்பத்தில் ஏற்றிவிட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரமும் கேமரா விவரமும் அழிந்துவிடும். மிஞ்சுவது போனில் சேமித்த தேதிதான். கண்டுபிடிப்பது சுலபம்: ஆண்ட்ராய்டில் பெயர் `IMG-20250209-WA0031.jpg` மாதிரி இருக்கும், நாலு எம்பி படம் சில நூறு கேபி ஆகியிருக்கும். ஒரிஜினலும் இந்த நகலும் கோப்பாக வெவ்வேறு என்பதால், அச்சு அசலாக ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கிற டூப்ளிகேட் மென்பொருளும் கைவிரித்துவிடும். பெரிதாக அச்சடித்தால் பட்டுப்புடவை ஜரிகை மங்கிப்போகும்.

அதனால் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்: "நீங்கள் எடுத்த படம் மட்டும், கேமரா ஃபோல்டரில் இருந்து." ஏற்கெனவே வந்துவிட்டதா? பெயரில் WA இருக்கிற படங்களைத் தனியாக ஒதுக்குங்கள். எடுத்தவருக்கு போன் போட்டு, "அத்தை, குரூப்ல போட்டதோட ஒரிஜினலை டாக்குமெண்டா அனுப்புங்க" என்று கேளுங்கள். டாக்குமெண்டாக வந்தால் நேரமும் தரமும் அப்படியே இருக்கும். கேலரியில் அழித்துவிட்டாரென்றால் அவ்வளவுதான்.

இலவச க்யூஆர் தளம்

சில தளங்கள் தருவது உங்கள் லிங்க் இல்லை, அவர்களுடைய குறுக்கு லிங்க். டிரையல் முடிந்ததும் பத்திரிகையில் அச்சடித்த கட்டம் செத்துப்போகும். ஆல்பம் லிங்கையே நேராகக் க்யூஆர் ஆக்குங்கள்.

மொய் அட்டைக்குப் பக்கத்தில் வைப்பது

வேண்டாம். பெரியவர்கள் ஆல்பம் அட்டையை ஸ்கேன் செய்துவிட்டு, பணம் போகலையே என்று நிற்கிறார்கள்.

சேமிக்காமல் விடுவது

விருந்தினர் தன் போனில் இடம் காலி செய்யப் படத்தை அழித்தால், ஆல்பத்திலிருந்தும் போய்விடலாம். அந்த வாரமே உங்கள் கணக்கில் சேமியுங்கள். அது உங்கள் இலவச 15 ஜிபியைத் தின்னும், இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டூடியோ கேமரா கடிகாரம்

இருபது நிமிடம் பின்னால் ஓடும் கேமராவை நிறையப் பார்த்திருக்கிறேன். போட்டோகிராபரிடம் சொல்லி, மணி தெரிகிற ஒரு போன் திரையை முதல் படமாக எடுக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும். அப்புறம் கம்ப்யூட்டரில் கூகுள் போட்டோஸைத் திறந்து, அந்தக் கேமரா படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நேரத்தை அத்தனை நிமிடம் நகர்த்தினால் போதும்.