ஹியூமிடிஃபையர் வாங்கும் முன் அறையின் ஈரத்தை அளந்து பாருங்கள்

காலையில் தொண்டை வறண்டு எழுந்த மூன்று பேர் இந்தக் கோடையில் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் மெஷின் எத்தனை லிட்டரில் வாங்கலாம்?" ஆறு வருடத்துக்கு முன் நானும் அதைத்தான் கேட்டேன். தவிர்க்க வேண்டிய தவறுகள் இவை.

அளக்காமல் ஓட்டுவது

கும்பகோணத்தில் எங்கள் படுக்கையறை பத்துக்குப் பத்து அடி. சித்திரையில் ஏ.சி.யை 20-இல் வைத்துத் தூங்கினால் தொண்டை காய்ந்தது. ஐந்து லிட்டர் மெஷின் வாங்கி, பழக்கத்தில் ஐப்பசி மழையிலும் ஓட்டினேன். கார்த்திகையில் பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கரும்புள்ளி. கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்பில் வெள்ளைப் பூசணம். அதை நினைத்தால் இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது. பிறகுதான் ஈரப்பதமானி வாங்கினேன். முதல் இரவே 78 சதவீதம் காட்டியது.

கணக்கைப் பாருங்கள். இந்த அளவு அறையின் காற்று 26 டிகிரியில் 40 சதவீதத்திலிருந்து 60-க்கு ஏற, கதவு ஜன்னல் மூடியிருந்தால், 140 மில்லி தண்ணீர் போதும். ஒரு சின்ன டம்ளர்தான். மெஷின்களோ மணிக்கு 200, 300 மில்லி கக்குகின்றன. மிச்ச ஈரம் குளிர்ந்த சுவரிலும், காற்றுப் புகாத பீரோ இடுக்கிலும் போய் உட்காரும். 60-ஐத் தாண்டி நிலைத்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

அதனால் தலைமாட்டில் ஈரப்பதமானி வைத்து மூன்று இரவு பாருங்கள். 40-க்குக் கீழே போனால் மட்டும் மெஷின். 50 வந்ததும் நிறுத்தம். டெல்டாவில் ஏ.சி. போடாத அறைக்கு அநேகமாகத் தேவையே இருக்காது. ஏ.சி. அறையிலும் முதலில் 26-க்கு ஏற்றிப் பாருங்கள்.

எதிர்வீட்டு அக்கா மகளுக்கு இப்படித்தான் அளந்தோம். மூன்று இரவும் 65-க்கு மேல். பெண்ணுக்கு மூக்கடைப்பு, வாய் திறந்து தூங்குகிறாள், தொண்டை காய்கிறது. காற்றில் குறையில்லை. "மெஷின் வேண்டாம்க்கா, மூக்கை டாக்டரிடம் காட்டுங்கள்" என்றேன்.

போர் தண்ணீர் ஊற்றுவது

அதிர்வால் தண்ணீரைப் பனிப்புகைபோலக் கக்கும் அல்ட்ராசோனிக் வகை மெஷின், தண்ணீரின் உப்பையும் சேர்த்தே தெளிக்கும். மேசையில் படியும் வெள்ளைத்தூள் அதுதான். நாம் மூச்சில் இழுப்பதும் அதுவே. காய்ச்சினாலும் உப்பு போகாது. டிஸ்டில்ட் வாட்டர் நல்லது, இல்லையென்றால் ஆர்.ஓ.

சுவரைப் பார்த்து வைப்பது

வேண்டாம்.

தொட்டியில் தண்ணீரை விட்டுவைப்பது

தினமும் காலையில் கொட்டி, துடைத்து, திறந்து காயவிடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, அடித்தட்டில் அரைமணி ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, வாசனை போகும்வரை அலசுங்கள். வினிகரோடு பிளீச்சிங் பவுடர் சேரவே கூடாது, விஷவாயு வரும். உள்ளே விரலுக்கு வழவழப்பு தட்டினால் அன்றிரவு ஓட்டாதீர்கள். வாங்கும்போதே கை நுழையும் அகல வாய்த் தொட்டியாகப் பாருங்கள். குறுகிய வாய் என்றால் அந்த வழவழப்பைத் தேய்க்கவே முடியாது.